இன்வாய்ஸில் அளவு கூடுதலாக இருந்தால் சப்ளையருக்கு எழுதும் மின்னஞ்சல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சப்ளையர்களின் இன்வாய்ஸ்களைச் சரிபார்த்துப் பணம் அனுப்பும் மேசையில் பல ஆண்டுகளாக இருப்பதால், வந்த சரக்கு ஓர் எண்ணிக்கை, பில்லில் போட்டிருப்பது வேறோர் எண்ணிக்கை என்ற சிக்கலோடு என்னிடம் வருபவர்கள் அதிகம். அவர்கள் கேட்டவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் பெரும்பாலும் ஒரே எடுத்துக்காட்டுதான் வரும்: பில் அச்சிடும் காகித ரோல்கள், பெட்டிக்கு 50 ரோல், பெட்டி விலை 600, வரி 10 சதவீதம், ஆர்டர் செய்தது 40 பெட்டி, வந்தது 36, இன்வாய்ஸ் போடப்பட்டது 40க்கு. எந்த நாணயமானாலும் கணக்கு ஒன்றுதான் என்பதால் நாணயக் குறியை விட்டுவிட்டேன். வரி விகிதமும் கணக்குக்காக எடுத்துக்கொண்டதே.

இன்வாய்ஸில் 40 என்று இருக்கிறது, வந்தது 36தான். உடனே மெயில் அனுப்பிவிடலாமா?

அனுப்புவதற்கு முன் பத்து நிமிடம் செலவிட்டு நான்கு எண்களைத் தேடி எடுத்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பர்சேஸ் ஆர்டரில் நீங்கள் கேட்ட அளவு, சப்ளையரின் டெலிவரி சலானில் அனுப்பியதாக எழுதப்பட்ட அளவு, உங்கள் ஸ்டோர் எண்ணி வரவு வைத்த அளவு, இன்வாய்ஸில் விலை போடப்பட்ட அளவு. நம் எடுத்துக்காட்டில் இவை முறையே 40, 36, 36, 40. சலானும் ஸ்டோர் வரவும் ஒன்றாக இருந்து இன்வாய்ஸ் மட்டும் வேறாக இருந்தால், அது பில் போட்டதில் நேர்ந்த பிழை. அதைத் தீர்ப்பது எளிது. சலானில் 40 என்றும் ஸ்டோர் வரவில் 36 என்றும் இருந்தால், வழியில் எங்கோ சரக்கு குறைந்திருக்கிறது அல்லது யாரோ தவறாக எண்ணியிருக்கிறார்கள். அதற்கு எழுத வேண்டிய மெயிலே வேறு.

இன்னொன்றையும் அப்போதே பார்த்துவிடுங்கள். மீதி 4 பெட்டி இரண்டு நாள் கழித்துத் தனி வண்டியில் வந்து, வேறொரு சலானில் வரவு வைக்கப்பட்டிருக்கலாம். நம் தரப்பில் பாதியை மட்டும் பார்த்துவிட்டுப் புகார் எழுதி, பிறகு மன்னிப்புக் கேட்டு இன்னொரு மெயில் எழுதும் நிலை அடிக்கடி வருவது இதனால்தான்.

இப்படிப்பட்ட தவறு எப்படி நடக்கிறது? வேண்டுமென்றே செய்கிறார்களா?

பெரும்பாலும் இல்லை. பல நிறுவனங்களில் இன்வாய்ஸ், அனுப்பிய சரக்கின் பதிவிலிருந்து எடுக்கப்படுவதில்லை, ஆர்டரிலிருந்தே எடுக்கப்படுகிறது. ஏற்றும்போது கிடங்கில் 36 பெட்டிதான் இருப்பு என்றால், அங்கிருப்பவர் சலானில் 40ஐ அடித்துவிட்டுப் பேனாவால் 36 என்று எழுதி வண்டியை அனுப்பிவிடுவார். அந்தத் திருத்தம் காகிதத்தில் இருக்கிறதே தவிர, பில் போடுபவரின் திரைக்குப் போய்ச் சேர்வதில்லை.

இதற்கு ஓர் அடையாளம் உண்டு. சரக்கு வந்தது மார்ச் 9, இன்வாய்ஸ் தேதி மார்ச் 8 என்றால், வண்டி வந்து சேர்வதற்கு முன்பே, சில வேளை சரக்கு ஏறுவதற்கு முன்பே, பில் தயாராகிவிட்டது என்று ஊகிக்கலாம். இதைத் தெரிந்து வைத்திருப்பது மெயில் எழுத உதவும்: எங்கே பார்த்தால் பிழை தெரியும் என்று அவர்களுக்கு நீங்களே சுட்டிக் காட்டிவிடலாம்.

எங்களுக்கு விற்பனைப் பிரதிநிதியை நன்றாகத் தெரியும். அவருக்கே எழுதினால் போதாதா?

போதாது. இன்வாய்ஸைத் திருத்தும் அதிகாரம் பெரும்பாலும் அவரிடம் இருக்காது. அவர் உங்கள் மெயிலைக் கணக்குப் பிரிவுக்கு அனுப்புவார், அல்லது அனுப்ப மறந்துவிடுவார். இன்வாய்ஸின் அடியிலேயே பில் தொடர்பான கேள்விகளுக்கென்று ஒரு முகவரி இருந்தால் அதற்கு எழுதுங்கள். பிரதிநிதியை நகலில் சேருங்கள். உங்கள் தரப்பில் ஸ்டோர் பொறுப்பாளரையும் ஆர்டர் கொடுத்தவரையும் நகலில் வையுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் இவர்கள்தான்.

தலைப்பு வரியில் என்ன எழுதுவது?

இன்வாய்ஸ் எண், சிக்கல் என்ன, எத்தனைக்கு எத்தனை. "இன்வாய்ஸ் 4471: அளவு வேறுபாடு, 40க்குப் பதில் 36 பெட்டி" என்று இருந்தால், திறக்காமலேயே விஷயம் புரிந்துவிடும், ஆறு மாதம் கழித்துத் தேடினாலும் எண்ணைக் கொண்டு எடுத்துவிடலாம். "அவசரம்", "பில் பிரச்சினை" போன்ற தலைப்புகள் எல்லாருடைய பெட்டியிலும் நிறைந்து கிடக்கின்றன. ஒரு மெயிலில் ஒரே இன்வாய்ஸைப் பற்றி மட்டும் எழுதுவதும் நல்லது. மூன்று இன்வாய்ஸ்களைச் சேர்த்து எழுதினால், ஒன்றைத் தீர்த்துவிட்டு மெயிலையே முடித்துவிடுவார்கள்.

உள்ளே என்னென்ன இருந்தாக வேண்டும்? ஒரு முழு மாதிரி கிடைக்குமா?

கீழே இருப்பது நம் எடுத்துக்காட்டுக்கான மெயில். இதைவிட நீளமாக எழுத வேண்டிய தேவை எனக்கு அரிதாகவே வந்திருக்கிறது.

> வணக்கம்.
>
> மார்ச் 8 தேதியிட்ட உங்கள் இன்வாய்ஸ் 4471 (எங்கள் பர்சேஸ் ஆர்டர் 2217) குறித்து எழுதுகிறேன். இதன் முதல் வரிசையில் பில் ரோல் 40 பெட்டி என்று விலை போடப்பட்டுள்ளது. மார்ச் 9 அன்று எங்களுக்கு வந்து சேர்ந்தது 36 பெட்டி. உங்கள் டெலிவரி சலான் 1198இலும் 40 என்பது 36 என்று திருத்தப்பட்டு, உங்கள் ஓட்டுநரும் எங்கள் ஸ்டோர் பொறுப்பாளரும் கையெழுத்திட்டுள்ளனர். மீதி 4 பெட்டி இன்று வரை வரவில்லை.
>
> கூடுதலாகக் கணக்கிடப்பட்டது: 4 பெட்டி × 600 = 2,400; வரி 240; மொத்தம் 2,640.
>
> இந்தத் தொகைக்கு, இன்வாய்ஸ் 4471ஐக் குறிப்பிட்டு ஒரு கிரெடிட் நோட் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். வேறுபாடு இல்லாத 23,760ஐ, கெடு தேதியான ஏப்ரல் 7க்குள் வழக்கம்போல் செலுத்திவிடுவோம்.
>
> மீதி 4 பெட்டியை இந்த ஆர்டரில் இனி அனுப்ப வேண்டாம். தேவைப்பட்டால் புதிய ஆர்டர் தருகிறோம்.
>
> உங்கள் பதிவில் வேறு விதமாக இருந்தால், அதற்கான சலானின் நகலை மார்ச் 18க்குள் அனுப்பினால் சரிபார்த்துக்கொள்கிறேன். இன்வாய்ஸ், சலான், எங்கள் சரக்கு வரவுச் சீட்டு ஆகியவற்றை இணைத்துள்ளேன்.
>
> இப்படிக்கு,
> (பெயர், பொறுப்பு, தொலைபேசி எண்)

இதில் பலரும் விட்டுவிடும் வரி, மீதி 4 பெட்டியை என்ன செய்வது என்பதுதான். அதைச் சொல்லாமல் விட்டால், ஒரு பக்கம் கணக்குப் பிரிவு கிரெடிட் நோட் போட்டுக்கொண்டிருக்கும். மறு பக்கம் கிடங்கிலிருந்து அதே 4 பெட்டி வண்டியேறிவிடும். பிறகு, கழித்த பணத்தை மீண்டும் சேர்ப்பது எப்படி என்று இரண்டாவது சுற்று தொடங்கும். வேண்டுமா வேண்டாமா என்பதை ஆர்டர் கொடுத்தவரிடம் கேட்டுவிட்டு முதல் மெயிலிலேயே எழுதிவிடுங்கள்.

வரியைத் தனியாகக் காட்டியிருப்பதையும் கவனியுங்கள். 2,400 மட்டும் கேட்டு எழுதினால், வரியில்லாமல் 2,400க்கு மட்டும் கிரெடிட் நோட் வரலாம். 240 கணக்கில் தொங்கிக்கொண்டே இருக்கும்.

"நீங்கள் தவறு செய்திருக்கிறீர்கள்" என்று காட்டமாக எழுதினால்தானே வேலை நடக்கும்?

மேலே உள்ள மாதிரியில் "தவறு" என்ற சொல்லே இல்லை. அது தற்செயலாக நேர்ந்ததன்று. படிப்பவர் பெரும்பாலும் அந்த இன்வாய்ஸைப் போட்டவராகவே இருப்பார். "தவறு" என்று தொடங்கினால், தன்னைக் காத்துக்கொள்ளும் பதிலைத் தேடத் தொடங்குவார். "40 என்று போடப்பட்டுள்ளது, 36 வந்துள்ளது" என்று எழுதினால், அவர் தேடப் போவது சலானை. எண் தன் வேலையைத் தானே செய்துவிடும்.

எதிர்ப் பக்கத்தில் இன்னொரு பழக்கமும் உண்டு: "சிரமத்துக்கு மன்னிக்கவும், நாங்கள் தவறாகப் பார்த்திருக்கவும் கூடும்" என்று மூன்று வரி குழைந்துவிட்டுப் பிறகு விஷயத்துக்கு வருவது. சரிபார்த்துவிட்டுத்தான் எழுதுகிறீர்கள் என்றால் அந்தத் தயக்கம் தேவையில்லை. "உங்கள் பதிவில் வேறு விதமாக இருந்தால் சலானின் நகலை அனுப்புங்கள்" என்ற ஒரு வரியே, உங்கள் தரப்பிலும் பிழை இருக்கலாம் என்பதற்கு வேண்டிய இடத்தைக் கொடுத்துவிடுகிறது.

எதை எதை இணைப்பது? இன்வாய்ஸ் அவர்களிடமே இருக்குமே?

இருக்கும், ஆனாலும் இணையுங்கள், அவர்கள் தேடும் நேரம் மிச்சமாகும். முக்கியமானது சலான். அதைப் படமெடுக்கும்போது, திருத்திய எண் இருக்கும் மூலையை மட்டும் வெட்டி அனுப்பாமல், சலான் எண், தேதி, வண்டி எண், இரண்டு கையெழுத்து எல்லாம் தெரியும்படி முழுப் பக்கத்தையும் அனுப்புங்கள். வெட்டிய படம் எந்தச் சலானுக்கு உரியது என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்று கோப்புகளுக்கும் "4471 இன்வாய்ஸ்", "4471 சலான் 1198", "4471 சரக்கு வரவு" என்பதுபோல் பெயர் வையுங்கள். கைபேசி தானாக வைத்த பெயரோடு அனுப்பினால் அவர்கள் கணினியில் அது தொலைந்துபோகும்.

இது தீரும் வரை முழுப் பணத்தையும் நிறுத்தி வைக்கலாமா?

நிறுத்தி வைக்காமலிருப்பதே என் பழக்கம். இன்வாய்ஸ் மொத்தம் 26,400. கேள்விக்குரியது 2,640 மட்டும். மீதி 23,760க்கு உங்களுக்கு எந்த ஆட்சேபமும் இல்லாதபோது அதைக் கெடு தாண்டி வைத்திருந்தால், பேச்சு அளவு வேறுபாட்டிலிருந்து நகர்ந்து உங்கள் தாமதத்துக்குப் போய்விடும். தாமதக் கட்டணமும், அடுத்த ஆர்டரை நிறுத்தி வைப்பதும் அப்படித்தான் தொடங்குகின்றன. ஆனால் பகுதித் தொகை செலுத்தலாமா என்பதை உங்கள் ஒப்பந்தமே முடிவு செய்யும். சில ஒப்பந்தங்களில், ஆட்சேபத்தை இத்தனை நாளுக்குள் எழுத்தில் தெரிவித்தால் மட்டுமே தொகையைக் கழிக்கலாம் என்று இருக்கும். அந்த நாள் கணக்கை மெயில் எழுதும் முன்பே பாருங்கள்.

பகுதித் தொகை அனுப்பும் அன்று, அதே மெயில் தொடரில் "இன்வாய்ஸ் 4471க்கு 23,760 செலுத்தியுள்ளோம், மீதி 2,640 மார்ச் 11 மெயிலில் குறிப்பிட்ட அளவு வேறுபாடு" என்று ஒரு வரி எழுதுங்கள். அது இல்லாவிட்டால் அவர்கள் வரவு வைப்பவருக்கு உங்கள் பணம் வெறும் குறைவான பணமாகத்தான் தெரியும்.

கிரெடிட் நோட் கேட்பதா, திருத்திய இன்வாய்ஸ் கேட்பதா?

இரண்டில் ஒன்றைக் கேளுங்கள், இரண்டையும் கேட்காதீர்கள். பழைய இன்வாய்ஸ் இன்னும் யாருடைய கணக்கிலும் ஏறவில்லை என்றால், அதை ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் போடுவது சில நிறுவனங்களுக்குச் சுலபம். ஏற்கெனவே பதிவாகி, வரிக் கணக்கிலும் சேர்ந்துவிட்டதென்றால் கிரெடிட் நோட்தான் பொதுவான வழி. எந்த ஆவணம், எந்தக் காலத்துக்குள் என்பதை அந்தந்த நாட்டின் வரி விதிகள் நிர்ணயிப்பதால், உங்கள் கணக்காளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

ஆபத்து எங்கே என்றால், 36 பெட்டிக்குப் புதிய எண்ணில் இன்வாய்ஸ் வந்து, பழைய 4471 ரத்தாகாமலேயே கிடப்பதில்தான். அப்போது உங்கள் பேரில் 76 பெட்டிக்குக் கடன் நிற்கும். எனவே திருத்திய இன்வாய்ஸைக் கேட்டால், "4471 ரத்து செய்யப்பட்டதற்கான ஆவணத்தையும் சேர்த்து அனுப்புங்கள்" என்று எழுதத் தவறாதீர்கள்.

நாங்கள் கேட்டது 36, இன்வாய்ஸில் 1,800 என்று இருக்கிறது. இது என்ன அநியாயம்?

மெயில் எழுதும் முன் மொத்தத் தொகையைப் பாருங்கள். 36 பெட்டி, பெட்டிக்கு 50 ரோல் என்றால் 1,800 ரோல். ரோல் விலை 12 என்று போட்டிருந்தால் 1,800 × 12 = 21,600; பெட்டிக் கணக்கில் 36 × 600ம் அதே 21,600. அளவு தவறவில்லை, அலகுதான் மாறியிருக்கிறது. இதற்குப் புகார் வேண்டாம். அடுத்த முறை ஆர்டரில் உள்ள அலகிலேயே இன்வாய்ஸ் போடும்படி ஒரு வேண்டுகோள் போதும்.

கவலைப்பட வேண்டியது, அலகு ஒன்றும் விலை இன்னொன்றுமாகக் கலந்திருக்கும்போது. 36க்குப் பதில் 1,800 என்று அளவும், பெட்டிக்குரிய 600 என்று விலையும் இருந்தால் தொகை ஐம்பது மடங்காகிவிடும். அதை யாரும் தவறவிட மாட்டார்கள். உள்ளே 5 ரோல் கொண்ட சிறு கட்டுகளும் விற்கப்படும் பொருளில், கட்டுக்குரிய விலையைத் தவறான அலகோடு பெருக்கியிருந்தால்தான் தொகை நம்பும்படியாக இருந்து கண்ணை ஏமாற்றும். இப்படிப்பட்ட மெயிலில் எல்லா எண்களையும் ஒரே அலகுக்கு மாற்றி எழுதுங்கள்: "36 பெட்டி, அதாவது 1,800 ரோல்" என்று ஒரு முறை சொல்லிவிட்டு, அதன்பின் பெட்டிக் கணக்கையே தொடருங்கள்.

எங்கள் ஆள் எண்ணாமலேயே 40 என்று சலானில் கையெழுத்துப் போட்டுவிட்டார். இனி ஒன்றும் செய்ய முடியாதா?

கடினம், ஆனால் முடியாததன்று. இது பில் பிழை அன்று, முதல் பதிலில் சொன்ன இரண்டாவது வகை. கையெழுத்து அவர்கள் பக்கம் பேசுகிறது. ஆகவே உங்கள் மெயில் ஒரு கோரிக்கையாக அல்லாமல், சேர்ந்து சரிபார்ப்போம் என்ற அழைப்பாக இருக்க வேண்டும். கையெழுத்திட்டதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "சலானில் 40 என்று கையெழுத்திடப்பட்டுள்ளது, இறக்கிய பின் அன்றே எண்ணியபோது 36 இருந்தது."

உங்களுக்கு உதவக்கூடியவை இரண்டு. ஒன்று, எடை. போக்குவரத்து ரசீதில் சரக்கின் எடை இருக்கும். ஒரு பெட்டி 7 கிலோ என்றால், 40 பெட்டிக்கு 280 கிலோ, 36க்கு 252. ரசீதில் 252 என்று இருந்தால், ஏற்றும்போதே 36தான் ஏறியது என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. இரண்டு, அவர்களுடைய இருப்புக் கணக்கு. 4 பெட்டி ஏறாமல் நின்றிருந்தால், பதிவில் உள்ளதைவிட அவர்கள் கிடங்கில் 4 பெட்டி கூடுதலாக இருக்க வேண்டும். "அந்தப் பொருளின் இருப்பை ஒரு முறை எண்ணிப் பார்க்க முடியுமா?" என்று கேளுங்கள். எனக்கே ஒரு முறை இப்படி நேர்ந்தது. இரண்டு வாரம் மறுத்துக்கொண்டிருந்த சப்ளையர், இருப்பு எண்ணிய மறுநாள் ஒற்றை வரியில் கிரெடிட் நோட்டை அனுப்பிவிட்டார். அன்று முதல் எங்கள் ஸ்டோரில், எண்ண நேரமில்லாத நாளில் சலானில் "எண்ணிப் பார்க்கப்படவில்லை" என்று எழுதிவிட்டுத்தான் கையெழுத்திடுகிறோம். எல்லாச் சப்ளையரும் அதை ஏற்பதில்லை என்றாலும், வெறும் கையெழுத்தைவிட அது மேல்.

பெட்டி எண்ணிக்கை சரி. திறந்து பார்த்தால் உள்ளே 50க்குப் பதில் 46 ரோல்தான் இருக்கிறது.

மீதிப் பெட்டிகளைத் திறப்பதை உடனே நிறுத்துங்கள். திறந்த பெட்டியை, ஒட்டியிருந்த நாடா, மேல் லேபிள், தொகுதி எண், உள்ளே உள்ள ரோல்கள் எல்லாம் தெரியும்படி படமெடுங்கள். திறக்காத பெட்டிகளை எடை போட்டுப் பாருங்கள். முழுப் பெட்டியின் எடை தெரிந்தால், குறைவான பெட்டிகள் திறக்காமலேயே தெரிந்துவிடும். மெயிலில் எத்தனை பெட்டி திறந்தீர்கள், அவற்றில் எத்தனையில் குறைவு, திறக்காமல் எத்தனை இருக்கின்றன என்று எழுதி, அவர்கள் ஆள் வந்து பார்க்க விரும்பினால் எந்தத் தேதி வரை அப்படியே வைத்திருப்பீர்கள் என்பதையும் சொல்லுங்கள். இப்படி உள்ளே மறைந்திருந்த குறைவுக்கு ஒப்பந்தங்களில் தரப்படும் அவகாசம் பெரும்பாலும் சில நாட்களே. ஆகவே முழுக் கணக்கும் முடியக் காத்திராமல் முதல் தகவலை அன்றே எழுதிவிடுங்கள்.

"மீதி 4 பெட்டியை அடுத்த வாரம் அனுப்பிவிடுகிறோம், இன்வாய்ஸ் அப்படியே இருக்கட்டும்" என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

பொருள் உங்களுக்கு வேண்டும், கெடு தேதிக்கு முன் வந்துவிடும் என்றால் தாராளமாக ஒப்புக்கொள்ளலாம். இரு தரப்புக்கும் காகித வேலை மிச்சம். ஆனால் பதிலில் இரண்டு விஷயங்களைப் பதிவு செய்யுங்கள். ஒன்று, எந்தத் தேதிக்குள் வர வேண்டும், வராவிட்டால் கிரெடிட் நோட் என்பது. மற்றொன்று, அந்த 4 பெட்டிக்குப் புதிய இன்வாய்ஸ் போடக் கூடாது என்பது. இரண்டாவதை எழுதாவிட்டால், புதிய சலானுக்குப் புதிய இன்வாய்ஸ் தானாகவே உருவாகி, அதே பெட்டிகளுக்கு இரண்டு முறை பணம் கேட்கும்.

அவர்கள் 44 அனுப்பி, 44க்கே பில்லும் போட்டிருக்கிறார்கள். நாங்கள் கேட்டது 40தான்.

இங்கே பில் சரக்கோடு ஒத்துப்போகிறது, ஒத்துப்போகாதது ஆர்டரோடு. ஆகவே "கூடுதலாகப் பில் போட்டிருக்கிறீர்கள்" என்று எழுதினால் விஷயம் குழம்பும். 4 பெட்டி ஆர்டருக்கு மேல் வந்துள்ளது, தனியாக எடுத்து வைத்திருக்கிறோம், பயன்படுத்தவில்லை என்று எழுதி, வைத்துக்கொள்வதா திருப்புவதா என்ற உங்கள் முடிவையும் தெரிவியுங்கள். திருப்பினால் வண்டிச் செலவு அவர்களுடையது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். ஒரு பெட்டியைத் திறந்து பயன்படுத்திவிட்டாலும், அதை ஏற்றுக்கொண்டீர்கள் என்று அவர்கள் சொல்ல இடமாகிவிடும்.

மெயில் அனுப்பிப் பத்து நாள் ஆகிறது, பதிலே இல்லை.

புதிய மெயில் தொடங்காமல் அதே தொடரில், மேலே ஒரு வரி மட்டும் சேர்த்து அனுப்புங்கள்: "மார்ச் 18க்குள் பதில் எதிர்பார்த்தோம், இது எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிவிக்க முடியுமா?" அதற்கும் பதில் இல்லையென்றால் தொலைபேசியில் பேசுங்கள். பேசிய அரை மணி நேரத்துக்குள், யாரிடம் பேசினீர்கள், என்ன சொன்னார், எந்தத் தேதி சொன்னார் என்று அதே தொடரில் எழுதிவிடுங்கள். தொலைபேசியில் "சரி, பார்த்துக்கொள்கிறோம்" என்று சொன்னவர் அடுத்த மாதம் வேறு வேலைக்குப் போய்விடுவதும் உண்டு.

மூன்று மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்தோம். முழுப் பணமும் கட்டிவிட்டோம்.

முதலில் அவர்களிடம் கணக்கு அறிக்கை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அவர்களே பிழையைக் கண்டுபிடித்துக் கிரெடிட் நோட் போட்டு, அது உங்களுக்கு வந்து சேராமல் இருந்திருக்கலாம். அறிக்கையில் இல்லை என்றால், மேலே உள்ள மாதிரியையே எடுத்து, செலுத்திய தேதியையும் பரிவர்த்தனை எண்ணையும் சேருங்கள்; பணத்தைத் திருப்பித் தருவதா, அடுத்த இன்வாய்ஸில் கழிப்பதா என்பதில் உங்களுக்கு எது வேண்டும் என்று ஒன்றை மட்டும் சொல்லுங்கள். அவர்கள் எழுத்தில் ஒப்புக்கொள்ளும் முன், அடுத்த இன்வாய்ஸில் நீங்களாகவே கழித்துவிடாதீர்கள். அப்படிச் செய்தால் பிழையில்லாத அந்த இன்வாய்ஸிலும் ஒரு சிக்கல் ஒட்டிக்கொள்ளும்.

அதே சப்ளையரின் அந்தக் காலத்து மற்ற இன்வாய்ஸ்களையும் எடுத்துப் பாருங்கள். இரண்டாவது கேள்வியில் சொன்ன காரணத்தால் நேர்ந்த பிழை என்றால், குறைவாக அனுப்பிய ஒவ்வொரு முறையும் அது நேர்ந்திருக்கும்.

கிரெடிட் நோட் வந்துவிட்டது. அத்தோடு முடிந்ததா?

திறந்து நான்கு இடங்களைப் பாருங்கள்: இன்வாய்ஸ் 4471 குறிப்பிடப்பட்டிருக்கிறதா, அளவு 4 பெட்டி என்று இருக்கிறதா, வரி 240 சேர்ந்திருக்கிறதா, மொத்தம் 2,640ஆ. எண் எதுவும் இல்லாமல், "நல்லெண்ணக் கழிவு" என்பதுபோல் வெறும் தொகையோடு வந்தால், அளவைக் குறிப்பிட்டு மாற்றித் தரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உங்கள் இருப்புக் கணக்கில் 4 பெட்டி இருப்பதாகவும், அலமாரியில் இல்லாததாகவும் ஆண்டு முடிவில் தலைவலி வரும். எல்லாம் சரி என்றால் பெற்றுக்கொண்டதாக அதே தொடரில் எழுதுங்கள். மாத முடிவில் அவர்கள் அனுப்பும் கணக்கு அறிக்கையில் 4471க்கு நேரே மீதி 0 என்று வரும் வரை, அந்த மெயிலை முடித்தவற்றின் கோப்புறைக்கு மாற்றாதீர்கள்.